கண்டாவளை வெள்ளப் படத்துக்கு ஏன் ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்றோம்?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்ததும் கண்டாவளையில் எடுத்ததாகச் சொல்லி, இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா நிற்கும் படம் நேற்றிரவு முதல் பரவுகிறது. அது பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மை என்று சொல்லவும் ஆதாரம் போதவில்லை.

தேடிப் பார்த்ததில் இதற்கு முந்திய பிரதி அகப்படவில்லை. ஆனால் 2018 டிசம்பர் வெள்ளத்திலும் இதே பகுதி மூழ்கியது. அப்போது கைபேசியில் எடுத்து, இணையத்தில் போடாமலே வைத்திருந்த படமாகவும் இருக்கலாம். வட்ஸ்அப்பில் வந்ததால் எடுத்த நாள், இடம் பற்றிய தரவும் அழிந்துவிட்டது. பின்னால் தெரியும் மதகை ஊரவர் இருவரிடம் காட்டினோம். ஒருவர் எங்கள் வீதிதான் என்றார், மற்றவர் இல்லவே இல்லை என்றார்.

எடுத்தவர் மூலப்படத்தை அனுப்பினால் உடனே மறுபடி பார்ப்போம். அதுவரை தயவுசெய்து பகிராதீர்கள். அந்த அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. உதவி தேவையானவர்கள் 117க்கு அழையுங்கள்.