கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி: தொடக்க விழா வர்ணனை

இடம்: எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம், ரேஸ்கோர்ஸ், மதுரை. சனிக்கிழமை காலை 7.30.

வாசிப்பவருக்கு: அணிகள் நிமிடத்துக்கு 120 அடி வைத்து நடக்கும். ஓர் அடி 75 சென்டிமீட்டர். மேடைக்கு 30 மீட்டர் முன்னால் வெள்ளைக் கொடி, 10 மீட்டர் முன்னால் சிவப்புக் கொடி நட்டிருக்கிறோம். பெயர்ப்பலகை வெள்ளைக் கொடியைத் தொட்டதும் தொடங்குங்கள். அங்கிருந்து மேடைக்கு நாற்பது அடி, இருபது வினாடி. அணி முழுவதும் கடக்க மேலும் எட்டு வினாடி. ஆக, ஓர் அணிக்கு 28 வினாடி. சிவப்புக் கொடியில் அணித்தலைவர் ‘ஐஸ் ரைட்’ கட்டளை இடுவார். // குறி அந்த இடம்தான். அங்கே வாய் மூடியிருங்கள். அந்தக் குரலுக்காக அந்தப் பிள்ளை இரண்டு வாரம் பயிற்சி எடுத்திருக்கிறது. நம் குரல் அதன்மேல் விழக்கூடாது.

காலியாக இருக்கும் படிக்கட்டுகளைப் பார்த்து “கூட்டம் அலைமோதுகிறது” என்று சொல்லாதீர்கள். வந்திருப்பவர்களை வரவேற்றால் போதும்.

7.30 (நிதானமாக)

அனைவருக்கும் இனிய காலை வணக்கம். வெயில் ஏறுமுன் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோரே, பேராசிரியர்களே, உடற்கல்வி இயக்குநர்களே, வருக. எட்டுக் கல்லூரிகளின் வீரர்களும் வீராங்கனைகளும் இரண்டு நாட்கள் இந்த ஓடுபாதையில் தங்கள் உழைப்பைக் காட்டப்போகிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்காக அனைவரும் எழுந்து நிற்போம்.

(55 வினாடி. மைக்கை அணைத்துவிடுங்கள்.)

7.33

நன்றி. அமருங்கள். சிறப்பு விருந்தினரான மாவட்ட விளையாட்டு அலுவலர் அணிவகுப்பு மரியாதையை ஏற்க மேடைக்கு வந்துவிட்டார். வளைவின் முனையில், 100 மீட்டர் தொடக்கக் கோட்டைப் பாருங்கள். தேசிய மாணவர் படையின் பேண்டு அணி முதலில் வருகிறது. அணிகள் அகர வரிசையில் தொடரும்.

(டிரம் ஒலி தொடங்கியதும் எட்டு அடி காத்திருங்கள். மக்கள் முதலில் அந்த ஒலியைக் கேட்கட்டும்.)

தியாகராசர் கல்லூரி. 1949இல் தொடங்கியது. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் தெப்பத்தில் வலம்வரும் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அருகிலிருந்து வருகிறார்கள். // தியாகராசர் கல்லூரி, மேடையைக் கடக்கிறது. முதல் அணிக்கு முதல் கைத்தட்டல்!

பாத்திமா கல்லூரி. திண்டுக்கல் சாலையில், விளாங்குடியில், 1953 முதல் பெண்களுக்குக் கல்வி தந்துவரும் கல்லூரி. கடைசி வரிசைவரை கைவீச்சு ஒரே உயரத்தில் இருக்கிறது. // பாத்திமா கல்லூரி வீராங்கனைகள் வணக்கம் செலுத்துகிறார்கள்.

(கைவீச்சு உண்மையிலேயே ஒன்றாக இருந்தால் மட்டும் அந்த வரி. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், டிரம் நிரப்பிக்கொள்ளும்.)

மதுரைக் கல்லூரி. பிறந்த ஆண்டு 1889. தாத்தா, தந்தை, மகன் என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை படித்த வீடுகள் இந்த ஊரில் உண்டு. // மதுரைக் கல்லூரி. உங்கள் கல்லூரியாக இருந்தால் எழுந்து நின்று தட்டுங்கள்.

ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி. 1965 முதல் இயங்கும் அரசுக் கல்லூரி. அதிகாலையில் பஸ் பிடித்து வந்து, பயிற்சி முடித்து, வகுப்புக்குப் போய், மாலையில் மீண்டும் பஸ் ஏறும் மாணவிகள் இவர்கள். // மீனாட்சி கல்லூரி, மேடையின் முன்னே.

மேலூர் அரசு கலைக் கல்லூரி. (மெதுவாக.) பெரியாறு வாய்க்கால் பாயும் நெல்வயல்களின் ஊரிலிருந்து ஆறு பேர் வந்திருக்கிறார்கள். அறுவரும் தகுதிபெற்று வந்தவர்கள். // மேலூர் அரசு கலைக் கல்லூரி. அந்த ஆறு பேருக்கும் அரங்கம் முழுவதும் கைதட்டட்டும்!

(இந்த அணிக்கு இரண்டே வரிசை. நடைக்கணக்கை அப்படியே விட்டால் 22 வினாடியில் அடுத்த பலகை வெள்ளைக் கொடிக்கு வந்துவிடும். அதனால் பின்னால் வரும் அணி கூடுதலாகப் பன்னிரண்டு அடி இடைவெளி விட்டு நடக்க ஒத்திகையில் சொல்லியிருக்கிறேன். அறுபது பேர் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் மைக்கில் கல்லூரியின் பெயர் ஒரே அளவு நேரம் ஒலிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்களும் அவசரப்படாதீர்கள்.)

யாதவர் கல்லூரி. திருப்பாலையில் 1969இல் தொடங்கியது. ஊரின் வடக்கு எல்லையிலிருந்து வந்திருக்கும் அணி. குதிகால் தரையில் படும் ஓசை மேடைவரை கேட்கிறது. // யாதவர் கல்லூரி, வணக்கம் செலுத்திக் கடக்கிறது.

லேடி டோக் கல்லூரி, 1948. சக்கிமங்கலத்தில் பிறந்து, தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம்வரை சென்ற ரேவதி வீரமணி இங்கே படித்தவர். // லேடி டோக் கல்லூரி. அந்த வழியில் அடுத்த தலைமுறை நடக்கிறது.

(ரேவதியின் பெயரைச் சொன்னதும் கைத்தட்டல் எழும். எழுந்தால் // வரை பேசாதீர்கள்.)

நிறைவாக, போட்டியை நடத்தும் அமெரிக்கன் கல்லூரி, 1881. அகர வரிசையில் முதலில் வர வேண்டியவர்கள், விருந்தினரை முன்னே அனுப்பிவிட்டுக் கடைசியில் வருகிறார்கள். // 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் முதல் இருந்துவரும் வழக்கம் இது. அமெரிக்கன் கல்லூரி!

(எட்டு அணிகளுக்கும் சேர்த்து மூன்றே முக்கால் நிமிடம். அணிகள் புல்வெளியில் திரும்பி மேடையை நோக்கி நிற்கும்வரை பேண்டு மட்டும். கடைசி டிரம் அடி நின்றபின் ஐந்து வினாடி அமைதி.)

7.42

சிறப்பு விருந்தினர் போட்டிக் கொடியை ஏற்றிவைத்து, போட்டிகளைத் தொடங்கிவைப்பார்.

(அவர் அறிவித்து முடித்ததும்)

போட்டிகள் தொடங்கிவிட்டன! இதோ, விளையாட்டுச் சுடர் நுழைகிறது. எட்டுக் கல்லூரிகளிலிருந்து எட்டு மாணவர்கள், ஒவ்வொருவரும் ஐம்பது மீட்டர். கை மாறும் இடங்களைக் கவனியுங்கள்; போட்டியில் எதிரெதிரே நிற்கப்போகிறவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குகிறார்கள்.

(இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். சுற்று முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். காற்றடித்து சுடர் அணைந்தால் பதறாதீர்கள். “பற்றவைத்துத் தொடர்கிறார்கள்” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள்.)

7.47

அடுத்து உறுதிமொழி. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வீரர்கள் சார்பில் ஒருவர் முதன்முதலாக உறுதியேற்றார். இன்று எட்டு அணிகளின் சார்பில் மேலூர் அணித்தலைவர் முன்வருகிறார். அணியினர் வலக்கையை நீட்டி, அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்வார்கள்.

(அணித்தலைவர் வாசிப்பது, ஒவ்வொரு துண்டாக:)

“விதிகளை மதித்து / நடுவரின் தீர்ப்பை ஏற்று / ஊக்க மருந்தைத் தொடாமல் / எதிரணியைத் தோழராகக் கருதி / எங்கள் கல்லூரியின் பெயருக்கும் / விளையாட்டின் பெருமைக்கும் / இந்தப் போட்டிகளில் பங்கேற்போம் என்று / உறுதி கூறுகிறோம்.”

(மாணவர் நடுவில் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க வேண்டாம். தாள் அவர் கையில் இருக்கிறது; தானே மீண்டுவிடுவார்.)

7.50

உறுதிமொழிக்கு நன்றி. அணிகள் கலைந்து செல்ல அணிவகுப்புத் தலைவர் அனுமதி பெறுகிறார். பேண்டு இசையோடு அவர்கள் வெளியேறும்வரை நம் கைகள் ஓயாதிருக்கட்டும்.

(கடைசி வரிசை வாயிலைத் தாண்டியதும், குரலை மாற்றி, விரைவாக:)

அறிவிப்பு. முதல் போட்டி, ஆடவர் 5000 மீட்டர், சரியாக 8.15 மணிக்கு. ஓட்ட வீரர்கள் எண் அட்டையுடன் உடனே பெயர்ப்பதிவு இடத்துக்கு வரவும். பெண்கள் குண்டு எறிதல் வீராங்கனைகள் வடக்கு வட்டத்துக்குச் செல்லவும். ஓடுபாதையில் நிற்கும் புகைப்படக்காரர்கள் தயவுசெய்து புல்வெளிக்கு இறங்கிக்கொள்ளுங்கள்.