வீட்டைக் காலி பண்ணித் தரச் சொல்லி நோட்டீஸ்

தேதி: 29-03-2025, சனிக்கிழமை
இடம்: உறையூர், திருச்சி

அனுப்புறது: ச. மல்லிகா, வீட்டு ஓனர், மாடி போர்ஷன், பிள்ளையார் கோவில் தெரு, உறையூர்

பெறுறது: கா. செந்தில்குமார், வாடகைதாரர், அதே வீட்டுல கீழ் போர்ஷன்

விஷயம்: கீழ் போர்ஷன் வாடகையை முடிச்சு 31-05-2025 அன்னைக்கு வீட்டைத் திருப்பித் தரணும்ங்கிறது பத்தி

செந்தில் தம்பிக்கு,

போன ஞாயித்துக்கிழமை படிக்கட்டுல நின்னு வாயால சொன்னதைத்தான் இப்ப எழுத்துல தரேன், கவிதாவும் சேர்ந்து படிச்சுக்கோங்க.

நீங்க 2023 ஜூன் 1ல இருந்து கீழ் போர்ஷன்ல குடியிருக்கீங்க, கடைசியா 2024 மே 1ல 11 மாசத்துக்குப் புதுப்பிச்சு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணின அக்ரிமென்ட் வர்ற 31-03-2025ஓட முடியுது, அதை நான் மறுபடி புதுப்பிக்கப் போறதில்ல. ஆனா காலி பண்ணச் சொன்னா 2 மாசம் டைம் தரணும்னு நாம கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்லயே இருக்கு, அதனால 01-04-2025ல இருந்து 31-05-2025 வரைக்கும் முழுசா ரெண்டு மாசம் நோட்டீஸ் காலம். அந்த ரெண்டு மாசமும் இப்ப இருக்கிற அதே ரூ.9,500 வாடகைதான், ஒரு ரூபா கூட்ட மாட்டேன். 31-05-2025 சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள்ள வீட்டைக் காலி பண்ணி சாவியை என் கையில தரணும்.

காரணம் எங்க அம்மாதான். ஜனவரியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும், அன்னைக்கு ராத்திரி ஆட்டோ புடிச்சுட்டு வந்ததே நீங்கதான். அம்மாவுக்கு 74 வயசு, மாடிக்கு 17 படி. இந்த ரெண்டு மாசமா செக்கப்புக்குப் போகணும்னா பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு முன்னால ஒரு ஆள் பின்னால ஒரு ஆள் தூக்கிட்டு எறங்குறாங்க, திரும்புற எடத்துல சேர் சாயும்போது அம்மா கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் புடிச்சுக்குவாங்க, விரல் நகமெல்லாம் வெள்ளையா போயிடும், ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. இனிமே படியே ஏறக் கூடாது, தரைத் தளத்துலயே இருக்கணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், அந்தச் சீட்டோட ஜெராக்ஸ் இதோட வெச்சிருக்கேன். அம்மாவையும் என்னையும் கீழே மாத்திக்கணும், வேற வீடு எங்களுக்குக் கெடயாது. 2017 வாடகைச் சட்டத்துல 21ஆம் பிரிவுலயும் ஓனரோட சொந்த உபயோகம்ங்கிறது ஒரு காரணமா இருக்கு. வேற ஆளுக்கு அதிக வாடகைக்கு விடுறதுக்காக இதைச் சொல்லல. உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, வாடகை ஒரு மாசம் கூட பாக்கி கெடயாது, இதையும் எழுத்துலயே சொல்லிடுறேன், புது ஓனர் கேட்டா இந்தத் தாளையே காட்டிக்கலாம்.

பாப்பா ஸ்கூலை நெனச்சுத்தான் இந்த டைமைப் பார்த்தேன். ஏப்ரல்ல பரீட்சை முடிஞ்சுடும், ஜூன்ல ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள நீங்க செட்டில் ஆயிடலாம். மே 4ல இருந்து 28 வரைக்கும் கத்திரி, அதுல பால் காய்ச்ச மாட்டோம்னு உங்க மாமியார் சொல்லுவாங்க, அப்படின்னா சித்திரையிலயே மே 4க்கு முன்னால மாறிக்கோங்க, இல்லன்னா 29, 30, 31 மூணு நாள் இருக்கு. அதுக்கும் தோது வரலன்னா மே 20க்குள்ள எழுதிக் கொடுங்க, ஜூன் 8 ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாமானை எடுக்க டைம் தரேன். அந்த எட்டு நாளுக்கு வாடகை வாங்க மாட்டேன், நீங்களும் ஜிபேல போட்டு விட்டுடாதீங்க, ஏன்னா நோட்டீஸ் முடிஞ்ச பிறகு வாடகை வாங்கினா நோட்டீஸையே விட்டுக் கொடுத்துட்டேன்னு அர்த்தம் பண்ண இடம் வரும்.

அட்வான்ஸ் ரூ.28,500 என்கிட்ட இருக்கு. அதை ஏப்ரல் மே வாடகையில கழிக்க வேணாம், வாடகையை எப்பவும் போல 5ஆம் தேதிக்குள்ள போட்டுடுங்க. புது வீடு முடிவானதும் அங்க அட்வான்ஸ் கட்டக் கையில காசு வேணும்ல, அதுக்கு முன்கூட்டியே ரூ.15,000 தரேன், மீதி ரூ.13,500 சாவி தர்ற அன்னைக்கே உங்க பேங்க் அக்கவுண்டுக்கு வந்துடும். பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைப் புடிக்கிற வழக்கம் இங்க இருக்கு, நம்ம அக்ரிமென்ட்ல அது இல்ல, நான் புடிக்க மாட்டேன். ஈபி மட்டும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறதால, காலி பண்ற அன்னைக்கு மீட்டரை ரெண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கலாம், அதுவரைக்கும் ஆன யூனிட்டுக்கு உண்டானதை மட்டும் மீதிப் பணத்துல கழிச்சுக்கிறேன். கிச்சன் குழாய் போன வருஷமே லூஸ்தான், அது என் செலவு. நீங்க மாட்டின கீசரும் ரெண்டு ஃபேனும் உங்களோடது, கழட்டிக்கோங்க, ஒயரை மட்டும் டேப் சுத்தி விட்டுடுங்க.

இந்த ரெண்டு மாசமும் தண்ணி, கரண்ட், மோட்டார், பைக் நிறுத்துற எடம் எதுலயும் கை வைக்க மாட்டேன். சட்டப்படியும் அப்படிச் செய்யக் கூடாது, சட்டம் இல்லன்னாலும் செய்ய மாட்டேன். ஆனா சொன்ன தேதிக்கு வீடு வரலன்னா எனக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போறதைத் தவிர வேற வழி இருக்காது, அதுவரைக்கும் போக வேண்டி வராதுன்னு நம்புறேன்.

இந்த நோட்டீஸ் உங்களுக்குக் கெடச்சதுக்கு சாட்சி பத்தி. இவ்வளவு பழகியும் போஸ்ட்ல வேற அனுப்பணுமான்னு உங்களுக்கு வருத்தம் வரலாம். 2014ல இதே போர்ஷன்ல இருந்த ஒருத்தர்கிட்ட வாயால மட்டும் சொன்னேன், அப்படி யாரும் சொல்லவே இல்லன்னு எட்டு மாசம் இழுத்தார், எழுத்து இல்லாததால நானும் நிரூபிக்க முடியல. சொத்து மாற்றுச் சட்டம் 106லயும் நோட்டீஸ் எழுத்துல கையெழுத்தோட இருக்கணும், தபால்லயோ நேர்லயோ வீட்டு ஆள்கிட்டயோ சேரணும், அது முடியலன்னா வீட்டுக் கதவுல ஒட்டணும்னு இருக்கு. அதனால மூணு காப்பி போட்டிருக்கேன். ஒண்ணு இன்னைக்குக் காலையில உறையூர் போஸ்ட் ஆபீஸ்ல அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட ரிஜிஸ்டர் தபால்ல போட்டாச்சு, ரசீது என்கிட்ட இருக்கு, தபால்காரர் வந்தா கார்டுல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க, திருப்பி அனுப்பிடாதீங்க. இன்னொண்ணு இன்னைக்கு சாயங்காலம் நேர்ல தரேன், மூணாவது காப்பியில கீழே வாங்கிட்டேன்னு எழுதிக் கொடுங்க. அதே தாளை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்லயும் அனுப்புறேன், ஆனா அதை மட்டும் நான் கணக்குல எடுத்துக்கல.

நாச்சியார் பாளையம் பக்கம் என் தங்கச்சிக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு மே மாசம் காலியாகுது, தரைத் தளம், வாடகை ரூ.10,000 சொல்றாங்க, வேணும்னா சொல்லுங்க, நானே கூட வந்து பேசறேன்.

இப்படிக்கு,
ச. மல்லிகா
(கையெழுத்து)

இணைப்பு: டாக்டர் சீட்டு ஜெராக்ஸ் 1, அக்ரிமென்ட் ஜெராக்ஸ் 1

வாங்கிக்கிட்டதுக்கு ஒப்புதல்

மேலே இருக்கிற நோட்டீஸையும் ரெண்டு இணைப்பையும் 29-03-2025 சாயங்காலம் 6.40 மணிக்கு மல்லிகா அக்கா கையால நேர்ல வாங்கிக்கிட்டேன், முழுசா படிச்சுப் பார்த்தேன். மே 31க்குள்ள காலி பண்ணிடுறோம். அந்த நாச்சியார் பாளையம் வீட்டை வர்ற ஞாயித்துக்கிழமை பார்க்க வரோம்.
கா. செந்தில்குமார் (கையெழுத்து)

சாட்சி: ரா. தங்கவேல், எதிர் வீடு. என் முன்னாடி கொடுத்தாங்க, வாங்கினாங்க. (கையெழுத்து)