பாடவேளை ஒதுக்கீட்டுத் தாள், 2025–26
உயர்நிலைப் பள்ளி, பள்ளிப்பட்டு வட்டம், திருவள்ளூர் மாவட்டம்

வாரம் 5 நாள், நாளுக்கு 8 பாடவேளை. வகுப்புக்கு 40, ஐந்து வகுப்புக்கும் 200. தெலுங்குப் பிரிவுக்கு 10 தனி.

கட்டத்தில் ஆசிரியர் குறியீடு மட்டும் எழுதவும். "க1"க்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலும் அது வேறு ஆளாகக் கணக்காகிவிடும். அதனால் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.

திங்கள் (வரிசை 2–9)

| வேளை | 6 | 7 | 8 | 9 | 10 | தெலுங்கு |
|---|---|---|---|---|---|---|
| 1 | த2 | க2 | த1 | க1 | ஆ1 | |
| 2 | க2 | ஆ2 | க1 | அ1 | த1 | |
| 3 | ஆ2 | த2 | ஆ1 | ச1 | அ1 | தெ1 |
| 4 | க2 | ச1 | த1 | ஆ1 | க1 | |
| 5 | ஆ2 | க2 | ச1 | த2 | த1 | தெ1 |
| 6 | த2 | ஆ2 | க1 | உ1 | அ1 | தெ1 |
| 7 | க2 | த2 | ஆ1 | க1 | ச1 | |
| 8 | உ1 | ச1 | அ1 | த1 | ஆ1 | |

செவ்வாய் முதல் வெள்ளி வரை 10–41 வரிசைகளில், பின்பக்கத்தில்.

தெ1 உள்ள வேளையில் த2 எடுப்பது நூலக வகுப்பு. தெலுங்கு எடுத்த பிள்ளைகள் அப்போது எழுந்து போவார்கள். தமிழ்ப் பாடவேளையில் தெ1 வரக்கூடாது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்குத்தான் அந்தத் தமிழ் வகுப்பு அதிகம் தேவை. தெ1 நகரியிலிருந்து பேருந்தில் வருகிறார், முதல் வேளை வேண்டாம். சத்துணவுப் பொறுப்பு இருப்பதால் த2-க்கு நான்காம் வேளை இல்லை.

மோதல்: I2-இல் இட்டு I41 வரை இழுக்கவும். C–G வகுப்புகள், H தெலுங்கு. 0 வந்தால் சரி. 2 வந்தால் ஒருவரே இரண்டு இடத்தில் இருக்கிறார்.

```
=SUMPRODUCT((C2:H2<>"")*(COUNTIF(C2:H2,C2:H2)>1))
```

வாரச் சுமை: குறியீடுகள் K2:K11-இல். L2-இல் இட்டு L11 வரை இழுக்கவும்:

```
=COUNTIF($C$2:$H$41,K2)
```

| ஆசிரியர் | எடுப்பது | வாரம் |
|---|---|---|
| த1 | தமிழ் 8–10 | 21 |
| த2 | தமிழ் 6, 7. நூலகம் | 24 |
| ஆ1 | ஆங்கிலம் 8–10 | 21 |
| ஆ2 | ஆங்கிலம் 6, 7. சமூக அறிவியல் 6. கணினி | 26 |
| க1 | கணக்கு 8–10 | 21 |
| க2 | கணக்கு, அறிவியல் 6, 7 | 28 |
| அ1 | அறிவியல் 8–10 | 21 |
| ச1 | சமூக அறிவியல் 7–10 | 28 |
| உ1 | உடற்கல்வி | 10 |
| தெ1 | தெலுங்கு | 10 |

மொத்தம் 210. சரிபார்க்க:

```
=COUNTA(C2:H41)-SUM(L2:L11)
```

0 வராவிட்டால் எங்கோ குறியீடு தவறாக விழுந்திருக்கிறது, அல்லது கட்டத்தில் வெறும் இடைவெளி இருக்கிறது.

28 நம் ஆசிரியர் கூட்டத்தில் ஒத்துக்கொண்ட உச்சம். க2, ச1 இருவரும் அதில் நிற்கிறார்கள். விடுப்பு எடுத்தவரின் வகுப்பை இவ்விருவர் தலையில் போடாதீர்கள். முதலில் 21 உள்ள நால்வரில் அந்த வேளை காலியாக இருப்பவரைப் பாருங்கள். எவருக்கும் தொடர்ந்து மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். இதைச் சூத்திரம் பார்க்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மாற்றம் வேண்டுவோர் வியாழக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள். திருத்திய தாள் வெள்ளியன்று பலகையில்.

கால அட்டவணைப் பொறுப்பாசிரியர்