பார்க்கிங் ஸ்லாட் 14: ஜூன் 30-ஓட காலி பண்றேன்

தேதி: 28 மே 2025

அண்ணே வணக்கம்,

நேத்து போன்ல பாதி சொல்லிட்டு கட் ஆகிடுச்சு, எப்படியும் எழுத்துல கொடுக்கணும்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு, அதான் இந்த லெட்டர். பேஸ்மெண்ட்ல உங்க ஸ்லாட் 14-ஐ மாச வாடகைக்கு எடுத்திருக்கேன்ல, அதை ஜூன் 30, 2025 திங்கக்கிழமையோட முடிச்சுக்கறேன். இதை என்னோட நோட்டீஸா எடுத்துக்கோங்க.

நோட்டீஸ் 30 நாள்னு போட்டிருக்கோம். இன்னைக்கு கொடுத்தா கணக்குப்படி ஜூன் 27-லயே முடிஞ்சுடும், ஆனா மூணு நாளுக்கு வாடகையை வெட்டி ஒட்டி கணக்கு பார்க்கறதெல்லாம் உங்களுக்கும் தலைவலி எனக்கும் தலைவலி, அதனால மாசக் கடைசி வரைக்கும் வச்சுக்கிட்டு ஜூன் மாச வாடகையை முழுசா கொடுத்துடறேன். ஜூன் 5-ஆம் தேதி வழக்கம்போல உங்க அக்கவுண்டுக்கு வந்துடும், அதுதான் கடைசி பேமெண்ட். மே வரைக்கும் ஒரு மாசமும் பாக்கி இல்லை, ஒரு தடவை சரி பார்த்துக்கோங்க. பேங்க்ல மாசாமாசம் தானா போற மாதிரி போட்டு வச்சிருக்கேன், ஜூன் பணம் போனதும் நிறுத்திடுவேன், தப்பித்தவறி ஜூலைலயும் வந்துட்டா அது வாடகை இல்லை, திருப்பி அனுப்பிடுங்க ப்ளீஸ்.

அட்வான்ஸ் ஒரு மாச வாடகை உங்ககிட்ட இருக்கு. அதை கடைசி மாசத்துல கழிச்சுக்கக் கூடாதுன்னு நீங்க ஆரம்பத்துலயே சொல்லிட்டீங்க, நானும் அதைக் கேக்கல. ரிமோட்டை கையில வாங்கின பிறகு ஒரு வாரத்துக்குள்ள, அதாவது ஜூலை 7-க்குள்ள, நான் வாடகை அனுப்பற அதே அக்கவுண்டுக்கு போட்டு விட்டுடுங்க.

திருப்பிக் கொடுக்க வேண்டியது கேட் ரிமோட் ஒண்ணு, ஸ்லாட் நடுவுல நிக்கிற மடக்குற கம்பியோட சாவி ரெண்டு, அப்புறம் கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரிச்சா முழுசா வராது போல, கிழிஞ்சு வந்தாலும் துண்டை பத்திரமா எடுத்து வைக்கறேன், இல்லன்னா செக்யூரிட்டி புக்ல என் வண்டி நம்பர் அப்படியே நின்னுடும். ஜூலை 1-லேர்ந்து அந்த நம்பரை அடிச்சுட சொல்லிடுங்க.

இப்ப தரை விஷயம். வலது பக்க தூணுல இடுப்பு உயரத்துக்கு ஒரு சிவப்பு கீறல் இருக்கே, அது நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. என் வண்டி வெள்ளைங்கறது உங்களுக்கே தெரியும். முதல் நாள் எடுத்த போட்டோவை அனுப்பறேன். ஆனா கீழ ஒரு உள்ளங்கை அளவுக்கு ஆயில் கறை இருக்கு பாருங்க, அது என்னோடதுதான், போன மழைக்காலத்துல லீக் ஆச்சு, சரி பண்ண நாலு நாள் இழுத்துட்டேன். மரத்தூள் போட்டு, அப்புறம் சோப்புத்தூளும் பிரஷும் வச்சு நானே தேய்ச்சு விடறேன், அதுக்கு மேலயும் போகலன்னா சொல்லுங்க, க்ளீனிங் செலவை நான் ஏத்துக்கறேன். சொல்லாம மட்டும் அட்வான்ஸ்ல பிடிக்காதீங்க.

காரணம் பெருசா ஒண்ணும் இல்லை, ஆபீஸை வேற பக்கம் மாத்திட்டாங்க, அங்கேயே வண்டி விட இடம் இருக்கு, இங்க சும்மா ஸ்லாட்டை பிடிச்சு வச்சுக்கிட்டு வாடகை கட்டறதுல அர்த்தம் இல்லை. உங்க மேல ஒரு குறையும் கிடையாது. நடுவுல யாரோ ரெண்டு மூணு தடவை நம்ம ஸ்லாட்ல வண்டியை விட்டுட்டு போனப்ப நீங்கதான் நேர்ல வந்து அந்த கம்பியை போட்டுக் கொடுத்தீங்க, அதுக்கப்புறம் தொந்தரவே இல்லை. அடுத்து வர்றவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லி விடுங்க, ரிவர்ஸ்ல ஏத்தினாதான் அந்த இடத்துல கதவு முழுசா திறக்கும், நேரா விட்டா தூண் இடிக்கும். எனக்கு இது புரியவே ஒரு மாசம் ஆச்சு.

ஜூன் மாசம் புது ஆள் யாராவது இடம் பார்க்க வந்தா தாராளமா கூட்டிட்டு வாங்க, பகல்ல வண்டி இருக்காது, காலையில ஒன்பதுக்கு மேல எப்ப வேணா பார்க்கலாம். ஆனா 30-ஆம் தேதிக்கு முன்னாடி அவங்க வண்டியை உள்ள விட்டுடாதீங்க.

ஜூன் 30 சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்க கீழ வர முடியுமா? ஸ்லாட்டை ஒண்ணா பார்த்துட்டு, ரிமோட் சாவியெல்லாம் கொடுத்துட்டு, வாங்கினேன்னு ரெண்டு வரி எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கறேன். முடியாதுன்னா வீட்ல அக்காகிட்ட கொடுத்துடறேன். இந்த லெட்டர் கிடைச்சதும், தேதி ஓகேன்னு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுடுங்க அண்ணே.

இப்படிக்கு,
ஸ்லாட் 14, வெள்ளை கார்

பி.கு: ரிமோட்ல போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன், அது அப்படியே இருக்கட்டும்.