வெள்ளிக்கிழமை பஜனை: 2025 தை, மாசி வீட்டு முறை

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை வருகிறது, அந்த வாரம் 17ஆம் திகதி வெள்ளியிலிருந்து பஜனை மறுபடி வீடு வீடாகத் தொடங்குகிறது. போன முறை கீழ்ப்பிரிவு சின்னம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க லயத்துல ஒரே காம்பரா தம்பி, சாமிய எங்க வைக்கிறது, ஆளுங்கள எங்க உக்கார வைக்கிறது, எங்களை விட்டுட்டு எழுதிருங்க"ன்னு சொன்னாங்க. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதனால் இந்த முறை முதல் வீடு அவங்க வீடுதான். படத்தை இஸ்தோப்பில் வைப்போம், வாசலில் படங்கு கட்டுவோம், பாய் நாங்கள் கொண்டு வருகிறோம்.

ஜனவரி 17, கீழ்ப்பிரிவு சின்னம்மா வீடு. ஹட்டனில் இருந்து வருகிறவர்கள் பொகவந்தலாவ பஸ், மஸ்கெலியா பஸ் எதில் ஏறினாலும் சரி, இரண்டும் டிக்கோயா வழியாகத்தான் போகும். டிக்கோயா டவுன் தாண்டி மூன்றாவது வளைவில் கொழுந்து மடுவம் ஒன்று இருக்கிறது, அங்கே இறங்குங்க. மடுவத்துக்குப் பக்கத்தில் கீழே இறங்கும் கொங்கிரீட் பாதையில் பிள்ளைக்காம்பரா வரை வந்தால் தண்ணீர்ப் பீலி தெரியும், அதற்கு எதிர் லயத்தில் கடைசி வீடு. தேயிலைக்குள்ளே ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, அதில் யாரும் வர வேண்டாம், பாதையோர மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதை மறக்காமல் சொல்லிவிடுங்க.

24ஆம் திகதி டைலர் அண்ணன் வீடு. டிக்கோயா டவுனிலேயே, அவருடைய கடைக்குப் பின் படி. எல்லாருக்கும் தெரிந்த இடம்.

31ஆம் திகதி நோர்வூட்டில் டீச்சரம்மா வீடு. நோர்வூட் சந்தியில் பாதை இரண்டாகப் பிரியும், மஸ்கெலியாப் பக்கம் போகாமல் பொகவந்தலாவ பாதையில் ஐந்து நிமிடம் நடங்க. நீல கேட், வாசலில் பெரிய செம்பருத்தி. மூட்டு வலிக்காரர்களுக்கு இது நல்ல வீடு, ஏற்றமே இல்லை, நாற்காலியும் உண்டு.

பெப்ரவரி 7, மருத்துவிச்சி அக்கா வீடு. 11ஆம் திகதி தைப்பூசம் என்பதால் காவடி எடுக்கிறவர்கள் கட்டாயம் வாங்க, அன்றைக்கு முழுக்க முருகன் பாட்டுத்தான். வீடு அதே நோர்வூட் பக்கம், ஆனால் தோட்டத்து மேல் பிரிவு. டீச்சரம்மா வீட்டைத் தாண்டி ஸ்டோருக்குப் பக்கத்தில் ஏறும் பாதை, கடைசித் துண்டு கல் ரோடு, மழை பெய்தால் ஆட்டோ ஏறாது. ஐந்தே முக்காலுக்கு ஸ்டோரு கேட்டில் சேர்ந்து நின்று, எல்லாரும் ஒன்றாக ஏறுவோம். அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது, அதனால் தனியாக யாரும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். டோர்ச் எடுத்து வாங்க, அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ காலில் தடவிக்கொள்ளுங்க.

14ஆம் திகதி அதே மேல் பிரிவில் கண்டக்டர் அண்ணன் வீடு, அக்கா வீட்டிலிருந்து இரண்டு லயம் தள்ளி. 21ஆம் திகதி ஹட்டனில் பலசரக்குக் கடை மாமா வீடு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கிக் கடையில் கேட்டால் பையனை அனுப்புவார். 26ஆம் திகதி புதன் சிவராத்திரி, அன்றைக்கு எல்லாரும் கோயிலில்தான், அதனால் 28ஆம் திகதி வெள்ளி பஜனை கிடையாது.

நேரம் சரியாக ஆறேகால். கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கிளம்ப அதுதான் தோதான நேரம் என்று பெண்கள்தான் சொன்னார்கள். முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் பஜனை, முடிவில் பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்தையும் ஐந்து பிள்ளைகள் பாட வேண்டும். பார்த்துப் பாடினாலும் பரவாயில்லை, பெரியவர்கள் யாரும் நடுவில் திருத்தாதீங்க, போன மாதம் ஒரு பிள்ளை அழுதே விட்டது. எட்டு மணிக்குத் தீபாராதனை முடிந்துவிட வேண்டும். இப்போது சிவனொளிபாதமலை சீசன், வெள்ளி இரவு ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியாப் பாதை முழுக்க யாத்திரை வாகனங்கள், பிந்தினால் வீடு போய்ச் சேர்வது கஷ்டம்.

பிரசாதம் எல்லா வீட்டிலும் ஒன்றேதான், கடலையும் வெறுந்தேத்தண்ணியும். சோறு, வடை, கேசரி எதுவும் செய்யாதீங்க, வசதி இருக்கிறவர்களும் செய்யாதீங்க. ஒரு வீட்டில் இலை போட்டால் அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கி இலை போடுவார், அதற்கடுத்த வீடு முறையே வேண்டாம் என்று சொல்லிவிடும். கடலை, கற்பூரம், சீனி மூன்றும் உண்டியல் காசில் வாங்கி வியாழக்கிழமையே அந்த வீட்டில் கொடுத்துவிடுவோம். பூ மட்டும் அவரவர் வாசலில் பூத்தது போதும்.

ஆர்மோனியம் டைலர் அண்ணனிடம், தாளம் இரண்டு சோடி என்னிடம். மாசிக்குப் பிறகு வரும் முறைக்கு இன்னும் நான்கு வீடு வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் 21ஆம் திகதி ஹட்டனில் வைத்துச் சொல்லுங்க, வீடு எவ்வளவு பெரியது என்று நான் கேட்க மாட்டேன்.