ஆய்வாளரின் நிலை: ஏடு வாசிப்பை ஆராயும் நான் யார்

இந்த ஆய்வேடு கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில், அய்யாவழியின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் நடக்கும் திருஏடு வாசிப்பைப் பற்றியது. அய்யா வைகுண்டரைப் பின்பற்றுவோரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை யார் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், யார் எதிரே இருந்து கேட்கிறார்கள், பெண்கள் வாசிக்கத் தொடங்கிய தாங்கல்களில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. நான் அய்யாவழிக்காரி. அந்தக் குடும்பத்தில் பிறந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது, ஏனென்றால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன், ஒருவரைப் பார்த்தால் 'அய்யா உண்டு' என்றுதான் வாயில் வருகிறது, தாங்கலின் கருவறையான பள்ளியறையில் இருக்கும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது ஆய்வாளராக நிற்பதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அடுத்து வரும் ஐந்து இயல்களையும் வாசிப்பவர் இது தெரிந்தே வாசிக்கட்டும்.

என் தாத்தா எங்கள் ஊர்த் தாங்கலில் ஏடு வாசித்தவர். அப்பா இப்போது அதே தாங்கலின் நிர்வாகத்தில் இருக்கிறார். கார்த்திகை மாதம் அய்யாவழியின் தலைமைத் தலமான சாமித்தோப்பில் பதினேழு நாள் வாசிப்பு நடக்கும்போது வீட்டில் அடுப்பு நேரமே மாறிவிடும், திருக்கல்யாண நாளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். அகிலத்தின் பல பகுதிகள் நான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே காதில் ஏறியவை. எனவே ஒரு வாசிப்பாளர் எங்கே இழுக்கிறார், எங்கே வேகம் எடுக்கிறார், எந்த அடியில் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருகிறார் என்பதெல்லாம் எனக்கு உடனே பிடிபடுகிறது. மூன்றாம் இயலில் வாசிப்பின் ஓசையைப் பற்றி நான் எழுதியிருப்பது இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தால் அந்த இயலை எழுத அவருக்கு இன்னும் பல வருடம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ஆனால் அதே பழக்கம் நேர்காணல்களில் குறுக்கே வந்து நின்றது. ஏன் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "மக்களே, இது ஒனக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான், எனக்குத் தெரியும். திருவிதாங்கூர் ஆட்சியில் எங்கள் நாடார் சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்த காலத்தில், கட்டிக்கொண்டே வா என்று அய்யா சொன்னதை எங்கள் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். எனக்கு வேண்டியது அந்தத் தகவல் அல்ல, அதை அவர் தன் வாயால் எப்படிச் சொல்வார், எந்த இடத்தில் குரல் உயரும், யாருடைய பெயரை இழுப்பார் என்பது. அது கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு வழி செய்தேன். என்னோடு படிக்கும் வடஆர்க்காட்டுத் தோழி ஒருத்தியை, தாங்கல்காரர்களின் சம்மதத்தோடு, சில நேர்காணல்களுக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு அய்யாவழி பற்றி எதுவும் தெரியாது. அதே பாட்டி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாலை வழிபாட்டில் ஓதும் உகப்படிப்பு தொடங்கும் வரை விடாமல் பேசினார். அவள் இருந்தபோது பதிவானவை, நான் மட்டும் இருந்தபோது பதிவானவை என்று எல்லா உரையாடல்களையும் ஆய்வேட்டில் பிரித்தே குறித்திருக்கிறேன். இரண்டிலும் வரும் செய்தி ஒன்றாக இருந்தாலும் சொல்லும் விதம் ஒன்றாக இல்லை.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதி முழுமையாகாது. நான் நாடார் குடும்பத்துப் பெண். அய்யா வெட்டவைத்த முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்தார்கள் என்பது எங்கள் பெருமை. இந்தப் பெருமையை நான் ஊட்டி வளர்க்கப்பட்டவள். இன்று இந்த வட்டாரத்தில் நான் பார்த்த தாங்கல்களின் நிர்வாகம் பெரும்பாலும் என் சாதியின் கையில்தான் இருக்கிறது, அந்தக் கதவுகள் எனக்குத் தட்டாமலே திறந்தன. "எந்த வீட்டுப் பிள்ளை?" என்ற ஒரு கேள்வி, தாத்தா பெயர், அவ்வளவுதான், உள்ளே பாய் விரித்தாயிற்று. வேறு சாதிக் குடும்பங்களிடம் பேசியபோது மரியாதை குறையவில்லை, ஆனால் பேச்சு அளந்து வந்தது. அகிலத்தில் எல்லாரும் சமம் என்று இருக்கிறதே, தாங்கலில் எப்படி என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதோடு முடிந்தது. அந்தப் பதிலை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதில் அது. சமத்துவம் நடைமுறையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பற்றி இந்த ஆய்வேடு முடிவு எதுவும் சொல்லாததற்குக் காரணம் இதுதான். அதைக் கேட்டு எழுத வேண்டியவர் என்னைவிட வேறொருவர்.

அய்யாவழி தனி மதமா, இந்து மதத்தின் ஒரு பிரிவா என்பது எங்கள் ஊரில் கல்யாணப் பந்தியில்கூடக் கிளம்பும் சண்டை. என் சான்றிதழ்களில் இந்து என்றுதான் இருக்கிறது. சிலை வைக்காமல், தீபாராதனை காட்டாமல், பூசாரி இடைநிற்காமல் கண்ணாடியைப் பார்த்து வணங்கும் ஒரு வழி தனியாக நிற்கக்கூடியது என்பது என் சொந்தக் கருத்து. என் பெரியப்பா இதை ஏற்கவே மாட்டார், வைகுண்டர் நாராயணரின் அவதாரம் என்று ஏட்டிலேயே இருக்கும்போது இதில் என்ன கேள்வி என்பார். அவர் பக்கத்திலும் ஆழமான வாசிப்பு இருக்கிறது. ஆய்வேட்டில் 'அய்யாவழி' என்ற பெயரை மட்டும் பயன்படுத்துகிறேன், 'மதம்', 'பிரிவு' இரண்டையும் பேசியவர்கள் சொன்ன இடங்களில் மட்டும் அவர்கள் வாய்ச்சொல்லாகத் தருகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன், அதன் வாடை எங்காவது அடித்தால் வாசிப்பவர் கண்டுகொள்ளலாம்.

ஆவணங்களைப் படிக்கும்போதும் நான் நடுவில் நிற்கவில்லை. 1840-களில் லண்டன் மிஷனரி சங்கத்தார் எழுதிய அறிக்கைகளில் அய்யாவின் கூட்டம் தங்கள் வேலைக்கு ஒரு தடையாகப் பேசப்படுகிறது. 1809-இல் பிறந்து, 1833-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார் என்று நான் நம்புகிற ஒருவரை அவர்கள் ஏமாற்றுக்காரர் என்ற தொனியில் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதே சங்கத்தின் பள்ளிக்கூடத்தில் படித்ததால்தான் என் அம்மா வழிச் சொந்தத்தில் பாதிப் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள், அவர்கள் இன்று சிஎஸ்ஐ சபையில் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இரண்டும் உண்மை. இரண்டாம் இயலில் மிஷனரி அறிக்கைகளை அவை சொல்லும் நிகழ்ச்சிகளுக்காக எடுத்தாண்டிருக்கிறேன். கூட்டம் கூடியது, சேர்ந்து உண்டது, அய்யா சிறை வைக்கப்பட்டது போன்றவை எங்கள் வாய்மொழியோடு ஒத்துப்போகும் இடங்களையும் விலகும் இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விலகும் இடத்தில் எது சரி என்று நான் தீர்ப்பெழுதவில்லை. ஏட்டின் பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஹரிகோபாலன் சீடர் எழுதிய அகிலம் 1939-இல்தான் அச்சேறியது, அதன்பின் வந்த பதிப்புகளுக்குள் வேறுபாடுகள் உண்டு, அவற்றைச் சுற்றி வழக்காடும் தரப்புகளும் உண்டு. எங்கள் வீட்டில் வாசிக்கும் பதிப்பை நான் மூலமாகக் கொள்ளவில்லை. ஒவ்வொரு தாங்கலிலும் எந்தப் புத்தகம் பலகையில் இருந்ததோ அதிலிருந்தே மேற்கோள் எடுத்திருக்கிறேன்.

இனி, பெண் என்பதைப் பற்றி. சிறு வயதிலேயே ஏடு வாசிக்க ஆசைப்பட்டவள் நான். எங்கள் தாங்கலில் பெண்கள் வாசிக்கும் வழக்கம் இல்லை, கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. தாத்தா வீட்டில் வைத்து எனக்கு ராகம் சொல்லிக்கொடுத்தார், தாங்கலுக்கு வந்ததும் பாயில் உட்காரச் சொன்னார். இந்தக் கேள்வியை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் வேர். பெண்கள் வாசிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன், எனவே அதை எதிர்ப்பவர்களின் பேச்சை எழுதும்போது கூடுதல் கவனம் எடுத்தேன்: நான்காம் இயலில் அவர்கள் சொன்னவை சுருக்கப்படாமல், அவர்களே திருப்பிக் கேட்டுச் சரி என்று சொன்ன வடிவில் இருக்கின்றன. வீட்டு விலக்கு நாட்களில் தாங்கலுக்குள் போவதில்லை என்ற வழக்கத்தை நான் கடைப்பிடித்தேன். அதை மீறி உள்ளே போய்க் குறிப்பெடுத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என்னை நம்பி உள்ளே விட்டவர்களின் ஒழுங்கை ரகசியமாக மீறி எடுத்த குறிப்பை என்னால் பயன்படுத்த முடியாது. அந்த நாட்களின் வாசிப்பு என் களக்குறிப்பில் இல்லை, கேட்டவர்கள் சொன்னதை வைத்து நிரப்பவும் இல்லை. குறிப்புகளில் அந்த இடைவெளிகளைத் தேதியோடு காட்டியிருக்கிறேன்.

சம்மதம் எல்லாம் வாய்மொழியில் வாங்கி ஒலியாகப் பதிந்தது. நெறிமுறைக் குழு தந்த படிவத்தை முதலில் நீட்டியபோது, கையெழுத்து என்றாலே பத்திரப்பதிவு, வழக்கு என்று பழகிய பெரியவர்கள் முகம் சுருங்கியது, குழுவிடம் எடுத்துச் சொல்லி மாற்றிக்கொண்டேன். என்னை உறவாக நினைத்துப் பேசியவர்கள் பதிவுக்கருவி ஓடுவதை மறந்துபோகிறார்கள் என்பதால், பேச்சு முடிந்ததும் எதை எழுதலாம் எதை வேண்டாம் என்று மறுபடி கேட்டேன். அருள் வந்த நிலையில் சொல்லப்பட்டவை, கனவில் அய்யா வந்து சொன்னதாக எனக்குச் சொன்னவை, குடும்ப நோய்கள் ஆகியவை இந்த ஆய்வேட்டில் எங்கும் இல்லை. சொன்னவர்களே எழுது என்றாலும் எழுதவில்லை, அவை பக்தைக்குச் சொன்னவை.

அப்பா நிர்வாகத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தாங்கலை நிர்வாகம் பற்றிய இயலிலிருந்து முழுக்க விலக்கிவிட்டேன். அங்கே நடக்கும் நிலத் தகராறு எனக்கு இரண்டு தரப்பிலிருந்தும் தெரியும், அது வீட்டுப் பேச்சாகத் தெரிந்தது, களப்பணியில் தெரிந்தது அல்ல. வாசிப்பின் ஓசை பற்றிய இயலில் மட்டும் அந்தத் தாங்கல் வருகிறது. ஐந்தாம் இயலில் ஏடு வாசிக்கும் பெண்களாக வருபவர்களில் ஒருவர் என் சித்தி. அவர் பெயரையும் மற்றவர்களுடையதைப் போலவே மாற்றியிருக்கிறேன், ஆனால் அவர் பேசும் ஒவ்வொரு இடத்திலும் உறவை அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறேன். ஆய்வேட்டின் முதல் வரைவைப் பங்கேற்ற தாங்கல்களில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்புக்குப் பிறகு உரக்க வாசித்துக் காட்டினேன். நான்காம் இயலின் கடைசிப் பகுதியை இரண்டு தாங்கல்காரர்கள் ஏற்கவில்லை. அவர்களுடைய மறுப்பு அவர்கள் சொன்ன சொற்களிலேயே அந்த இயலின் முடிவில் இருக்கிறது, அதற்கு நான் பதில் எழுதவில்லை.