உத்தேச வருமான முறைக்கான தகுதி: 142(1) நோட்டீஸுக்குப் பதில்

01.09.2025
திருச்சி

பெறுநர்:
மதிப்பீட்டு அதிகாரி அவர்கள்,
தேசிய முகமற்ற மதிப்பீட்டு மையம், டெல்லி

அனுப்புநர்:
ந. தமிழரசி, கட்டடக் கலைஞர்,
தில்லைநகர், திருச்சி

பொருள்: மதிப்பீட்டு ஆண்டு 2024-25 – வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 44ஏடிஏ-இன் கீழ் காட்டிய வருமானம் – 18.08.2025 தேதியிட்ட நோட்டீஸுக்குப் பதில்

ஐயா / அம்மா,

பிரிவு 143(2)-இன் கீழ் 24.06.2025 அன்றும், பிரிவு 142(1)-இன் கீழ் 18.08.2025 அன்றும் வந்த நோட்டீஸ்கள் கிடைத்தன. இரண்டாவது நோட்டீஸில் என்னிடம் கேட்டிருப்பவை இவை: மொத்த வரவு 50 லட்சத்தைத் தாண்டியிருக்கும்போது 44ஏடிஏ எப்படிப் பொருந்தும், வங்கிக் கணக்குகளில் ரூ.93,15,700 வரவாகியிருக்க, ரிட்டர்னில் ரூ.61,80,000 மட்டும் காட்டியது ஏன். படிவம் 26ஏஎஸ்-இல் ஒரு தொகைக்குப் பிரிவு 194சி-இல் வரி பிடித்திருப்பதால் அது ஒப்பந்த வேலைதானே. கணக்குப் புத்தகமும் தணிக்கை அறிக்கையும் ஏன் இல்லை. நான்குக்கும் ஒரே வரவுப் பதிவேட்டிலிருந்தே பதில் சொல்ல முடியும். அந்தப் பதிவேட்டை முழுமையாக இணைத்திருக்கிறேன்.

முதலில் தகுதி. நான் இந்தியாவில் வசிக்கும் தனிநபர். கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு பெற்று, சொந்தப் பெயரில் தொழில் செய்கிறேன். கட்டடக்கலைத் தொழில் பிரிவு 44ஏஏ(1)-இலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. 44ஏடிஏ அந்தப் பட்டியலில் உள்ள தொழில்களுக்கே உரியது. இதில் தங்கள் நோட்டீஸும் சந்தேகம் எழுப்பவில்லை. சந்தேகம் 50 லட்சத்தைப் பற்றியது.

அந்த வரம்பு 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் மாறிவிட்டது. மதிப்பீட்டு ஆண்டு 2024-25 முதல், ரொக்கமாக வந்த தொகை மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். எனவே இந்த ஆண்டைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியவை இரண்டுதான்: மொத்தம் 75 லட்சத்துக்குள் இருக்கிறதா, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா.

2023-24 நிதியாண்டில் ஜிஎஸ்டி நீங்கலாக நான் பெற்ற கட்டணம் இது:

| யாரிடமிருந்து | தொகை (ரூ.) |
|---|---|
| தனியார் மருத்துவமனைக் கட்டடம் | 18,40,000 |
| அடுக்குமாடிக் கட்டுநர், இரண்டு திட்டங்கள் | 16,25,000 |
| பள்ளி நிர்வாகம் | 9,60,000 |
| வீடு கட்டியவர்கள், 14 பேர் | 14,75,000 |
| ஜவுளிக்கடை உள் அலங்காரம் | 2,80,000 |
| மொத்தம் | 61,80,000 |

ரொக்கமாக வந்தது வீடு கட்டியவர்களில் 5 பேரிடமிருந்து மட்டும், அது ரூ.1,90,000. மொத்த வரவில் இது 3.07 சதவீதம். 5 சதவீதம் என்றால் ரூ.3,09,000 வரை வந்திருக்கலாம். மற்ற எல்லாம் வங்கி மாற்றம், யுபிஐ அல்லது கிராஸ் செய்த அக்கவுண்ட் பேயி செக். அப்படி இல்லாத செக் வாங்கினால் சட்டம் அதையும் ரொக்கமாகவே எண்ணும் என்பது தெரியும், ஒன்றும் வாங்கவில்லை. ரொக்கத்தில் ஒரே நபர் தந்த அதிகபட்சத் தொகை ஜிஎஸ்டி சேர்த்து ரூ.70,800. ஐந்து ரசீதுகளின் நகலும் இணைப்பில் உள்ளன.

அடுத்து 26ஏஎஸ். அதில் 194ஜே-இன் கீழ் ரூ.45,75,000, 194சி-இன் கீழ் ரூ.2,80,000 என்று இருக்கிறது. மேலே உள்ள அட்டவணையில் மருத்துவமனை, கட்டுநர், பள்ளி மூன்றையும் கூட்டினால் ரூ.44,25,000 வரும். இடைவெளி ரூ.1,50,000. மருத்துவமனைக்கு நான் மார்ச் கடைசியில் கொடுத்த பில் அது. அவர்கள் 30.03.2024 அன்றே தங்கள் கணக்கில் வரவு வைத்து வரி பிடித்துவிட்டார்கள். பணம் எனக்கு வந்தது 18.04.2024 அன்று. நான் தொடர்ந்து ரொக்க அடிப்படையில் கணக்கிடுபவள், அதாவது பணம் கைக்கு வந்த ஆண்டில்தான் வருமானம். ஆகவே இந்தத் தொகையை மதிப்பீட்டு ஆண்டு 2025-26-இல் காட்டியிருக்கிறேன். அதற்குப் பிடித்த வரி ரூ.15,000-ஐயும் இந்த ஆண்டில் கோராமல், விதி 37பிஏ-இன்படி அந்த ஆண்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறேன். ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்களில் ஆண்டு மொத்தம் ரூ.63,30,000 என்று இருப்பதும் இதே ஒரு பில்லால்தான். ஜிஎஸ்டியில் பில் போட்ட தேதியே கணக்கு.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச் பில்லையும் இந்த ஆண்டிலேயே சேர்த்து, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் மொத்த வரவாக எண்ணினாலும் ரூ.74,69,400 தான் வரும். ஜிஎஸ்டி என் வருமானம் அல்ல, அரசுக்காக வசூலித்துக் கட்டியது என்பதே என் நிலை. ஆனால் அதை ஏற்காவிட்டாலும் 75 லட்சத்தைத் தொடவில்லை. ரொக்கத்தோடு அதற்கான ஜிஎஸ்டியைச் சேர்த்தால் ரூ.2,24,200, அந்தக் கணக்கிலும் விகிதம் சுமார் 3 சதவீதம்தான்.

ஜவுளிக்கடைத் தொகைக்கு 194சி-இல் ஒரு சதவீதம், ரூ.2,800 பிடித்திருக்கிறார்கள். எந்தப் பிரிவில் பிடிப்பது என்று முடிவு செய்தது கடைக்காரரின் கணக்காளர். நான் அங்கே செய்தது உள் அலங்கார வடிவமைப்பு, வரைபடங்கள், வாரம் ஒருமுறை மேற்பார்வை. மரம், கண்ணாடி, விளக்கு எதையும் நான் வாங்கிக் கொடுக்கவில்லை. தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் கடைக்காரரே நேரடியாகப் பணம் கொடுத்தார். பணி உடன்படிக்கையும் பில்லும் இதைக் காட்டும். மேலும், உள் அலங்காரமும் 44ஏஏ(1) பட்டியலில் தனியாகவே இருக்கிற தொழில். வரி பிடித்தவர் தேர்ந்தெடுத்த பிரிவு, வேலையின் தன்மையை மாற்றிவிடாது.

இனி வங்கி வரவு. நடப்புக் கணக்கு, சேமிப்புக் கணக்கு இரண்டும் சேர்ந்து ரூ.93,15,700 என்று தாங்கள் எடுத்த கூட்டல் சரி. அதன் பிரிவு:

| விவரம் | ரூ. |
|---|---|
| கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து, பிடித்த வரி போக | 66,22,900 |
| ரொக்க வரவிலிருந்து வங்கியில் கட்டியது | 2,00,000 |
| என் சேமிப்புக் கணக்கிலிருந்து நடப்புக் கணக்குக்கு மாற்றியது | 8,00,000 |
| ஆறு மாத வைப்புத்தொகை முதிர்வு | 10,36,200 |
| திட்ட அனுமதிக் கட்டணத்துக்காக வீட்டு உரிமையாளர்கள் தந்தது | 6,45,000 |
| சேமிப்புக் கணக்கு வட்டி | 11,600 |
| மொத்தம் | 93,15,700 |

அட்டவணையின் முதல் தொகை எப்படி வந்தது என்றால்: ரொக்கம் நீங்கலான கட்டணம் ரூ.59,90,000, அதற்கு ஜிஎஸ்டி ரூ.10,78,200, இதிலிருந்து பிடித்த வரி ரூ.4,45,300 கழிய மீதி. வைப்புத்தொகையில் அசல் 10 லட்சம், என் கணக்கிலிருந்தே ஆகஸ்ட் 2023-இல் போட்டது, வட்டி ரூ.36,200. இரண்டு வட்டியும் சேர்ந்து ரூ.47,800, 'பிற வழி வருமானம்' என்ற தலைப்பில் ரிட்டர்னில் ஏற்கெனவே இருக்கிறது.

ரூ.6,45,000 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வி வந்தால் இங்கேதான் வரும். வீடு கட்டும் பலருக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டுவது சிரமம். அதனால் 6 பேர் அனுமதிக் கட்டணத்தை என் கணக்குக்கு அனுப்பினார்கள், நான் இணையத்தில் கட்டினேன். ரசீது ஒவ்வொன்றும் அந்தந்த உரிமையாளர் பெயரில் இருக்கிறது. கட்டணத்தைத் தீர்மானித்தது அரசு. என் பில்லில் இது சேரவில்லை. இதற்கு ஜிஎஸ்டியும் போடவில்லை. வந்தது ரூ.6,45,000, கட்டியது ரூ.6,32,500, ஒருவருக்கு மிச்சமான ரூ.12,500 அவர் கணக்குக்கே திரும்பிவிட்டது. என்னிடம் ஒரு ரூபாயும் தங்கவில்லை. என் தொழிலுக்கான பிரதிபலன் அல்லாத, இன்னொருவரின் கடமைத் தொகையை அவர் சார்பில் கட்டியதை என் 'மொத்த வரவு' என்று கருத இடமில்லை என்று பணிவுடன் சொல்கிறேன். ஆறு பேருக்கும் தனித்தனியாக, பணம் வந்த தேதி, கட்டிய தேதி, ரசீது எண் ஆகியவை இணைப்பில் எதிரெதிரே உள்ளன.

கணக்குப் புத்தகம், தணிக்கை இரண்டைப் பற்றியும். பாதி வரவையோ அதற்கு மேலோ லாபமாகக் காட்டுபவர் 44ஏஏ-இன்படி புத்தகம் வைக்க வேண்டியதில்லை. 44ஏடிஏ(1)-இன்படி வருமானம் காட்டியவருக்கு 44ஏபி தணிக்கை பொருந்தாது என்பதும் அந்தப் பிரிவிலேயே உண்டு. 50 சதவீதத்துக்குக் குறைவாகக் காட்டினால்தான் 44ஏடிஏ(4) வரும். எனக்கு 50 சதவீதம் என்பது ரூ.30,90,000, நான் காட்டியது ரூ.32,00,000. வாடகை, வரைவாளர் சம்பளம், கட்டமைப்புப் பொறியாளர் கட்டணம், கணினித் தேய்மானம் என்று எதையும் தனியாகக் கழிக்கவில்லை. பிரிவு 30 முதல் 38 வரையிலான கழிவுகள் எல்லாம் கொடுக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் செலவு வவுச்சர்களை இந்தப் பதிலோடு தரவில்லை. வரவுக்கு ஆதாரம் கேட்பது தங்கள் உரிமை. அதில் ஒரு தாளும் விடாமல் தந்திருக்கிறேன்.

வரி: மொத்த வருமானம் ரூ.32,47,800, அதாவது 50 லட்சத்துக்குள், எனவே ஐடிஆர்-4 படிவம் சரியானதே. வேறு மூலதன ஆதாயமோ, நிறுவன இயக்குநர் பதவியோ எனக்கு இல்லை. புதிய வரி முறையில் செஸ் சேர்த்து வரி ரூ.7,01,310. கோரிய பிடித்த வரி ரூ.4,45,300, முன்கூட்டிய வரி ரூ.2,57,000. 44ஏடிஏ-க்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும், 13.03.2024 அன்று கட்டினேன். ரிட்டர்ன் 26.07.2024 அன்று, கெடுவுக்குள் தாக்கல் ஆனது.

இத்துடன் பதிவுச் சான்று, வரவுப் பதிவேடு, எல்லா பில்களும், இரண்டு வங்கிக் கணக்கு விவரங்கள், 26ஏஎஸ் ஒப்பீடு, பன்னிரண்டு மாத ஜிஎஸ்டிஆர்-3பி, ரொக்க ரசீதுகள், ஜவுளிக்கடை உடன்படிக்கை, அனுமதிக் கட்டண ரசீதுகள், வரி செலுத்திய சலான் ஆகியவற்றை இ-புரொசீடிங்ஸில் பதிவேற்றியிருக்கிறேன். பில் எண்ணும் வங்கி வரவுத் தேதியும் பதிவேட்டில் ஒரே வரியில் இருப்பதால், எந்த ஒன்றையும் எடுத்து உடனே சரிபார்க்கலாம்.

44ஏடிஏ-இன் கீழ் காட்டிய வருமானத்தை அப்படியே ஏற்று மதிப்பீட்டை முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் தொகையைச் சேர்க்க எண்ணம் இருந்தால், பிரிவு 144பி-இன்படி முன்கூட்டிய காரணம் கேட்கும் நோட்டீஸும், காணொலி வழி விசாரணைக்கு ஒரு வாய்ப்பும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ந. தமிழரசி
கட்டடக் கலைஞர், திருச்சி